வீதம் காலாண்டுக்கு, காலம் ஆண்டுக்கு: கூட்டுவட்டிக் கணக்கில் இந்தத் தவறைத் திருத்தும் முறை

பி.காம். முதலாமாண்டு வணிகக் கணிதம், உள்தேர்வு, 62 விடைத்தாள்கள். நான் முதன்முதலாகத் திருத்திய கட்டு அதுதான். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்றில் 14 பேருக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன். எல்லாருக்கும் இறுதி விடை தப்பு, அதனால் பூஜ்யம். விடைத்தாளைக் கொடுத்த மறுநாள் ஒரு மாணவி வந்து, "மேம், எட்டு காலாண்டுன்னு நான் சரியாத்தானே போட்டிருக்கேன்?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் 2 × 4 = 8 என்று எழுதியிருந்தாள். வட்டி வீதத்தை மட்டும் நான்கால் வகுக்க விட்டுவிட்டாள். சூத்திரம் சரி, காலம் சரி, பெருக்கல் முழுக்கச் சரி. அதற்கு நான் போட்டது பூஜ்யம்.

அந்த 62 தாள்களையும் மறுபடி எடுத்து, அந்தக் கேள்வியை மட்டும் இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தினேன். மதிப்பெண் பட்டியலைத் திருத்தித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. எங்கள் கல்லூரியில் தேர்ச்சிக்கு 40 வேண்டும். 38-இல் நின்ற இருவர் அந்த ஒரு கேள்வியால் மேலே வந்தார்கள். இதுவே பருவத்தேர்வாக இருந்திருந்தால் அவர்கள் விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டியிருப்பார்கள். அதற்குத் தரும் நாட்களும் கொஞ்சம்தான். புதிதாகத் திருத்த உட்காரும் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: ரூ.20,000-க்கு ஆண்டுக்கு 12% வீதம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்க்கப்பட்டால், 2 ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டி எவ்வளவு?

1. பேனாவை எடுக்கும் முன் தப்பு விடைகளையும் போட்டுவையுங்கள்

சரியான விடை விடைக்குறிப்பிலேயே இருக்கும். ஆனால் உங்களுக்கு அதிகம் தேவைப்படப்போவது தப்பு விடைகள். இந்தக் கேள்வியில் மாணவர்கள் எங்கெல்லாம் சறுக்குவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். வீதத்தை மாற்றிவிட்டுக் காலத்தை விடுவார்கள், காலத்தை மாற்றிவிட்டு வீதத்தை விடுவார்கள், அல்லது இரண்டையுமே மாற்றாமல் விடுவார்கள். கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொன்றுக்கும் விடை கண்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.

சூத்திரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இதில் i என்பது ஒரு காலகட்டத்துக்கான வீதம், n என்பது காலகட்டங்களின் எண்ணிக்கை.

```
A = P(1 + i)^n

i = 0.03   n = 8    A = 25,335.40
i = 0.12   n = 8    A = 49,519.26
i = 0.03   n = 2    A = 21,218.00
i = 0.12   n = 2    A = 25,088.00
i = 0.06   n = 4    A = 25,249.54
i = 0.03   n = 24   A = 40,655.88
```

முதல் வரி சரியான விடை. அசலைக் கழித்தால் கூட்டுவட்டி ரூ.5,335.40. இரண்டாவது அந்த மாணவியின் விடை. மூன்றாவது அதன் மறுபக்கம்: வீதத்தைக் காலாண்டுக்கு மாற்றிவிட்டு, காலத்தை இரண்டு ஆண்டாகவே விட்டது. நான்காவது, கேள்வியில் 'காலாண்டு' என்ற சொல்லையே கவனிக்காதவர்களுடையது. ஐந்தாவது, காலாண்டை அரையாண்டு என்று எடுத்துக்கொண்டவர்களுடையது. கடைசி வரி, காலத்தை மாதமாக்கிவிட்டு வீதத்தைக் காலாண்டில் வைத்தவர்களுடையது. இது குறைவாகத்தான் வரும், ஆனால் வரும்.

இந்தச் சீட்டை மேசையில் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொள்ளுங்கள். 49,519 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்தத் தாளில் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். சீட்டு இல்லாமல் நான் திருத்தியபோது இந்தக் கேள்விக்குத் தாளுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆனது. சீட்டோடு திருத்தியபோது முக்கால் நிமிடம்கூட ஆகவில்லை.

மாணவர்கள் லாக் அட்டவணை பார்த்துப் போடும் கல்லூரியாக இருந்தால், அந்த விடைகளையும் சீட்டில் சேருங்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

2. ஐந்து மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

எங்கள் விடைக்குறிப்பில் 'சூத்திரம் 1, பிரதியிடல் 2, விடை 2' என்று மட்டும் இருந்தது. பொருந்தாத வீதமும் காலமும் வந்தால் அந்தப் பிரதியிடல் இரண்டில் எதைக் கொடுப்பது, எதை வெட்டுவது என்று அதில் இல்லை. என் தவறு அங்கேதான் தொடங்கியது.

மைய மதிப்பீட்டு முகாமில் திருத்துகிறீர்கள் என்றால், இதை நீங்களாகத் தீர்மானிக்கக் கூடாது. முதல் நாள் விடைக்குறிப்பைப் பற்றிப் பேசும் நேரத்திலேயே முதன்மைத் தேர்வாளரிடம் கேளுங்கள். "i தப்பு, n சரி, அதற்கப்புறம் பெருக்கல் சரி. எவ்வளவு போடலாம்?" என்று இந்த ஒரு எடுத்துக்காட்டை வைத்துக் கேட்டால் போதும். அவர் சொல்வதை விடைக்குறிப்பின் உங்கள் படியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரை மதிப்பெண் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் முழு எண்தான். இருபது தாள் திருத்தியபின் போய்க் கேட்டால், அந்த இருபதையும் மறுபடி புரட்ட வேண்டும்.

உள்தேர்வு என்றால் பிரிப்பது உங்கள் கையில். பலரும் i-க்கு 1, n-க்கு 1 என்று பிரிப்பார்கள். நானும் இரண்டாவது முறை அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அதில் ஒரு நியாயக்குறை இருக்கிறது. 0.12-ஐயும் 8-ஐயும் சேர்த்துப் போட்டவருக்கு இரண்டில் ஒன்று கிடைக்கும். 0.12, 2 என்று முழுக்க ஆண்டுக் கணக்காகப் போட்டவருக்கு இரண்டும் போய்விடும். அவர் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வீதமும் காலமும் ஒரே அலகில் இருக்க வேண்டும் என்பதை அவர் மீறவில்லை. முதலாமவர் 'காலாண்டு' என்ற சொல்லைக் கவனித்தார், அந்த ஒற்றுமையைத்தான் விட்டுவிட்டார். இருவருடைய தவறும் வேறு வேறு.

அதனால் இப்போது நான் இப்படிப் பிரிக்கிறேன். சூத்திரத்துக்கு 1. காலகட்டம் காலாண்டு என்று கண்டுகொண்டதற்கு 1. வீதத்தோடு காலம் பொருந்துவதற்கு 1. அடுக்கைக் கணக்கிட்டு A கண்டதற்கு 1. அசலைக் கழித்துச் சரியான வட்டியைத் தந்ததற்கு 1. வீதம், காலம் இரண்டில் ஒன்றையாவது காலாண்டுக்கு மாற்றியிருந்தால் இரண்டாவது மதிப்பெண் உண்டு. இரண்டும் பொருந்தினால் மூன்றாவது உண்டு, அது ஆண்டுக் கணக்காக இருந்தாலும் சரி. இது என் வகுப்புக்கு நான் வைத்துக்கொண்ட முறை. வெளித்தேர்வுக்கு அங்கே தரும் விடைக்குறிப்புதான் சட்டம்.

3. i-யையும் n-ஐயும் பெருக்கிப் பாருங்கள்

ஒரு மாணவர் வீதத்தையும் காலத்தையும் பொருத்தினாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள, முழுக் கணக்கையும் பார்க்க வேண்டியதில்லை. அவர் எடுத்துக்கொண்ட i-யை அவர் எடுத்துக்கொண்ட n-ஆல் பெருக்குங்கள். பொருந்தியிருந்தால் அது ஆண்டு வீதத்தை ஆண்டுகளால் பெருக்கிய எண்ணாக வரும். இந்தக் கேள்விக்கு அது 0.12 × 2 = 0.24.

0.03 × 8 = 0.24, பொருந்துகிறது. 0.12 × 8 = 0.96, பொருந்தவில்லை. 0.03 × 2 = 0.06, அதுவும் பொருந்தவில்லை. காரணம் எளிது. ஆண்டை நான்காகப் பிரித்தால் வீதம் நான்கில் ஒன்றாகக் குறையும், காலகட்டங்கள் நான்கு மடங்காகும். பெருக்கினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் நான்கு மடங்காகவோ நான்கில் ஒன்றாகவோ வந்து நிற்கும்.

மேலே உள்ள சீட்டை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். பெருக்கல் 0.24 வருகிற விடைகள் எல்லாம் 25,000-ஐ ஒட்டியே நிற்கின்றன: 25,088, 25,249, 25,335. பொருந்தாதவைதான் 21,218 என்றும் 40,655 என்றும் 49,519 என்றும் எங்கெங்கோ போகின்றன. அதோடு, இதே அசலுக்குத் தனிவட்டி போட்டாலே 4,800 வரும், மொத்தம் 24,800. காலாண்டுக்கு ஒருமுறை கூட்டுகிற வட்டி தனிவட்டியைவிடக் குறையவே முடியாது. ஆகவே 24,800-க்குக் கீழே ஒரு விடை வந்தால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று வேறு எதையும் பார்க்காமலே சொல்லலாம்.

இந்தச் சோதனையால் பிடிக்க முடியாதவையும் உண்டு. காலாண்டை அரையாண்டு என்று எடுத்தவருக்கு 0.06 × 4 = 0.24 என்றே வரும். அது பொருத்தமின்மை இல்லை, கேள்வியைத் தவறாகப் படித்தது. அதை i-யைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, காலம் முழு ஆண்டாக இல்லாதபோது வரும். '1 ஆண்டு 9 மாதம்' என்று கேட்டிருந்தால் 1.75 ஆண்டு, 7 காலாண்டு. ஆனால் சிலர் அதை 1.9 ஆண்டு என்று எழுதி நான்கால் பெருக்கி 7.6 என்பார்கள். 0.03 × 7.6 = 0.228. வர வேண்டியது 0.21. இரண்டும் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் தப்பிவிடும். அப்படிப்பட்ட கேள்வியில் n முழு எண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கையெழுத்தை அதற்கடுத்த வரியிலிருந்து படியுங்கள்

கையால் எழுதிய கணக்கில் i-யும் n-உம் எவை என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை. அடுக்கில் சின்னதாக எழுதிய 8, ஒரு பக்கம் திறந்திருந்தால் 3 போலத் தெரியும். 2 எழுதி அதன் மேலேயே 8 என்று அழுத்தி எழுதியிருப்பார்கள், எது கடைசி என்று தெரியாது. 0.03-இல் உள்ள புள்ளி தாளின் கோட்டில் மறைந்துவிடும்.

அந்த இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்த வரியைப் பாருங்கள். அடுக்கு 8 என்றால் மாணவர் பொதுவாக வர்க்கம், அதன் வர்க்கம், மறுபடி அதன் வர்க்கம் என்று மூன்று தடவை போயிருப்பார். 1.0609, 1.1255, 1.2668 என்று மூன்று எண்கள் வரிசையாகத் தெரிந்தால் அடுக்கு 8-தான், எழுத்து எப்படி இருந்தாலும். 1.0609-இலேயே நின்றுவிட்டால் அடுக்கு 2. 1.2544, 1.5735, 2.4759 என்று போனால் i = 0.12, n = 8.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். '12/4 = 3' என்று போட்டுவிட்டு, சூத்திரத்தில் (1 + 3) என்று எழுதி, அதற்கடுத்த வரியில் 1.03 என்று சரியாகப் போனவர்கள் என் கட்டில் நான்கு பேர். உண்மையிலேயே 4-ஐ எட்டு முறை பெருக்கியிருந்தால் விடை 131 கோடிக்குப் போயிருக்கும். அப்படி யாரும் போகவில்லை. நூறால் வகுப்பதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதற்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். உள்தேர்வாக இருந்தால் அந்த இடத்தை வட்டமிட்டு 100 என்று எழுதிக் காட்டுங்கள்.

அடித்துவிட்டு எழுதிய கணக்கில், அடிக்காமல் விட்டிருப்பதைத்தான் திருத்த வேண்டும். ஆனால் அடித்த பகுதியையும் ஒரு முறை படியுங்கள். என் கட்டில் ஒருவர் 0.03, 8 என்று சரியாகப் போட்டு, பாதியில் அதை அடித்து, 0.12, 8 என்று மாற்றியிருந்தார். அடித்ததற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் வகுப்பில் அந்த இடத்தில் நான் என்ன சொல்லத் தவறினேன் என்பது எனக்கு அந்த அடித்த வரியில்தான் தெரிந்தது. காலாண்டுச் சூத்திரத்தைத் தனியாக மனப்பாடம் செய்யவைத்திருந்தேன். நான்கால் ஏன் வகுக்கிறோம் என்று சொல்லவில்லை.

5. ஒரு தவறுக்கு ஒரு முறைதான் வெட்ட வேண்டும்

இதுதான் முக்கியமான படி. மாணவர் ஓரிடத்தில் தவறு செய்துவிட்டார். அதற்கு அந்த இடத்தில் வெட்டியாயிற்று. அதற்கப்புறம் அவர் தன் தப்பான எண்ணை வைத்தே சரியாகக் கணக்குப் போட்டிருந்தால், அந்தப் படிகளுக்கு உரிய மதிப்பெண் அவருக்கு உண்டு. கீழே உள்ள ஒவ்வொரு வரியும் விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று வெட்டிக்கொண்டே போனால், ஒரே தவறுக்கு மூன்று நான்கு தடவை தண்டித்ததாக ஆகிவிடும். நான் பூஜ்யம் போட்டது அப்படித்தான்.

அந்த மாணவியின் தாளை வைத்தே பார்ப்போம். அவள் எழுதியிருந்தது:

```
A = P(1 + i)^n
i = 12/100 = 0.12
n = 2 × 4 = 8
A = 20000 (1.12)^8
  = 20000 × 2.4760
  = 49520
C.I = 49520 − 20000 = 29520
```

சூத்திரம் சரி, 1. காலத்தைக் காலாண்டாக்கியிருக்கிறாள், 1. வீதம் பொருந்தவில்லை, 0. அவளுடைய 1.12-ஐ எட்டாம் அடுக்குக்கு எடுத்துப் போனது சரி. நான்கு தசம இடத்துக்கு முழுமையாக்கியதால் 49,519.26 என்பது 49,520 ஆகியிருக்கிறது, அதில் குறையில்லை, 1. கடைசியாக, கழித்தல் சரி. ஆனால் அந்த மதிப்பெண் சரியான வட்டிக்கு உரியது என்று வைத்திருக்கிறோம், எனவே 0. மொத்தம் 3.

கழித்தலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் 20,000 ரூபாய்க்கு இரண்டு ஆண்டில் 29,520 ரூபாய் வட்டி என்று எழுதும்போது, அது அசலைவிடப் பெரிதாயிற்றே என்று ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். வணிகவியல் படிக்கிறவரிடம் அதை எதிர்பார்க்கலாம். அந்தக் கடைசி ஒரு மதிப்பெண்ணை அதற்காகவே நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது மறுபக்கம்: i = 0.03, n = 2. இதே முறையில் திருத்தினால் சூத்திரம் 1, காலாண்டு வீதம் கண்டது 1, பொருத்தம் 0. A கண்டதற்கு? கேள்வி கேட்டது எட்டாம் அடுக்கு. இவர் செய்தது ஒரே ஒரு வர்க்கம். அவருடைய தவறு கணக்கைச் சுலபமாக்கிவிட்டது. அப்படி ஆகும்போது அந்தப் படிக்கு முழு மதிப்பெண் தருவது, எட்டாம் அடுக்கு வரை போராடியவருக்குச் செய்யும் அநியாயம். அரை தருகிறேன். மொத்தம் 2½. அரை மதிப்பெண் அனுமதி இல்லாத இடத்தில் அந்தப் படிக்கு ஒன்றா பூஜ்யமா என்று முன்பே முடிவு செய்து, எல்லாத் தாளுக்கும் அதையே பின்பற்றுங்கள்.

முழுக்க ஆண்டுக் கணக்காகப் போட்டு 25,088 கொண்டுவந்தவருக்கு: சூத்திரம் 1, காலாண்டைக் காணவில்லை 0, பொருத்தம் 1, சுலபமான அடுக்கு ½, இறுதி விடை 0. அவருக்கும் 2½ வருகிறது.

6. 25,088 வந்தால் நில்லுங்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம், சீட்டை வைத்துக்கொண்டு வேகமாகத் திருத்துகிறவர்கள் விழும் குழி இது. நான் இரண்டாம் முறை திருத்தியபோதும் விழுந்தேன்.

சீட்டின்படி 25,088 என்றால் காலாண்டைக் கவனிக்காதவர். 2½ போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போகத் தோன்றும். ஆனால் எல்லாம் சரியாகச் செய்த ஒரு மாணவருக்கும் இதே விடை வரும். அவர் 1.03-ஐ வர்க்கமாக்கி 1.0609 என்று கண்டு, அதை 1.06 என்று சுருக்குவார். 1.06-இன் வர்க்கம் 1.1236, அதை 1.12 என்று சுருக்குவார். 1.12-இன் வர்க்கம் 1.2544. இருபதாயிரத்தால் பெருக்கினால் 25,088. ஆண்டுக் கணக்கும் 1.12-இன் வர்க்கம்தான், ஆக இரண்டு பேரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள். ஒருவர் கேள்வியையே தவறவிட்டவர். மற்றவர் செய்த ஒரே பிழை, நடுவில் தசமத்தை அதிகமாகச் சுருக்கியது. அவருக்கு முதல் நான்கு மதிப்பெண்ணும் உண்டு, இறுதி விடை மட்டும் போகும்.

இதைப் பிரித்தறிய மேலே போய் i, n வரிகளைப் படிக்கத்தான் வேண்டும். சீட்டு எங்கே தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது.

லாக் அட்டவணைக்கும் இங்கேதான் வருகிறேன். நான்கு இலக்க அட்டவணையில் 1.03-இன் லாக் 0.0128. எட்டால் பெருக்கினால் 0.1024. 20,000-இன் லாக் 4.3010. கூட்டினால் 4.4034. ஆன்டிலாக் எடுத்தால் 25,310 அல்லது 25,320 என்று வரும். சரியான விடையோடு பதினைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம். மாணவர் மேல் தவறில்லை. 1.03-இன் லாக் உண்மையில் 0.012837. அட்டவணை அந்த 37-ஐ விட்டுவிடுகிறது, எட்டால் பெருக்கும்போது அந்தக் குறையும் எட்டு மடங்காகிறது. இதற்கு முழு மதிப்பெண். அதே அட்டவணையில் 0.12, 8 போட்டவருக்கு 49,500-ஐ ஒட்டி வரும். இந்த இரண்டையும் சீட்டில் எழுதிவைத்தால், லாக் தாள்களில் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்காது.

7. இந்தக் கேள்வியைக் கட்டு முழுக்க ஒரே மூச்சில் திருத்துங்கள்

ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதுதான் வழக்கம். முகாமில் வேறு வழி இருக்காது. உள்தேர்வில் முடிந்தால் இந்த மாதிரிக் கேள்வியை மட்டும் எல்லாத் தாளிலும் தொடர்ந்து திருத்துங்கள். அறுபது தாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முதல் தாளில் கொடுத்த 3-ஐ நாற்பதாவது தாளில் 2 ஆக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முகாமில் இருப்பவர்கள், இந்தத் தவறு முதலில் வரும் தாளின் எண்ணையும் கொடுத்த மதிப்பெண்ணையும் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். அதே தவறு மறுபடி வரும்போது அதைப் பார்த்துப் போடலாம். முதன்மைத் தேர்வாளர் உங்கள் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சரிபார்த்துக் கேட்டாலும், ஏன் இவ்வளவு போட்டீர்கள் என்று உடனே சொல்லலாம்.

படிவாரியாகக் கொடுத்த மதிப்பெண்ணை அந்தந்த வரியின் ஓரத்திலேயே எழுதுங்கள். கேள்வியின் முடிவில் '3' என்று மட்டும் போட்டால், நகல் வாங்கிப் பார்க்கும் மாணவருக்கோ மறுமதிப்பீடு செய்பவருக்கோ அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஓரத்து எண்களைக் கூட்டிச் சரிபார்த்தபிறகே முகப்புத் தாளுக்கு ஏற்றுங்கள். அரை மதிப்பெண்ணைக் கேள்வி அளவில் முழுமையாக்காமல் அப்படியே ஏற்றி, கடைசி மொத்தத்தில் மட்டும் உங்கள் இடத்து விதிப்படி முழுமையாக்குங்கள்.

வெளித்தேர்வுத் தாளில் குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். உள்தேர்வு என்றால், பொருந்தாத இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். நான் எழுதுவது: 'n காலாண்டில், i ஆண்டில். i × n எவ்வளவு வர வேண்டும்?' கேள்வியாக எழுதினால் மாணவர் தானே பெருக்கிப் பார்க்கிறார். அடுத்த உள்தேர்வில் அந்த மாணவி i = 0.12/4 = 0.03 என்று எழுதி, பக்கத்திலேயே பென்சிலால் 0.03 × 8 = 0.24 என்று போட்டு ஒரு டிக்கும் அடித்திருந்தாள்.